இருபத்தேழு பாடம், மூன்று நாள்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு அட்டவணை இப்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் புகைப்படமாகத்தான் வீடு வந்து சேருகிறது. பலர் கை மாறி வரும் படம் மங்கியிருக்கும். 7 என்பது 1 போலத் தெரியும். பழைய ஆண்டின் அட்டவணையும் புதிது போலச் சுற்றும். இரண்டையும் பிடிக்க எளிய வழி, தேதியைக் கிழமையோடு சேர்த்துப் பார்ப்பது. 2025 அட்டவணையில் கணிதம் ஏப்ரல் 7, திங்கள். அதை 1 என்று படித்துவிட்டால் நாட்காட்டியில் செவ்வாய் வரும். தப்பு உடனே தெரிந்துவிடும்.

பாடப் பட்டியலின் படத்தில் கீழ்வரிசை வெட்டுப்பட்டிருக்கலாம். அதனால் புத்தகத்தின் பொருளடக்கத்தோடு ஒப்பிட்டுப் பாடங்களை எண்ணிக்கொள்ளுங்கள். சமூக அறிவியலில் வரலாறு 10, புவியியல் 7, குடிமையியல் 5, பொருளியல் 5, ஆக 27. அறிவியலில் 23. கணிதத்தில் 8.

இனி இரு படங்களையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு தேர்வுக்கும் முன்னால் எத்தனை நாள் விடுமுறை என்று பாருங்கள். அந்த ஆண்டு அறிவியல் ஏப்ரல் 11, சமூக அறிவியல் 15. நடுவில் மூன்றே நாள். 27 பாடங்களை மூன்றால் வகுத்தால் நாளுக்கு ஒன்பது. ஏற்கெனவே படித்தவற்றைத் திருப்பிப் பார்க்க அது போதும். புதிதாகப் படிக்கப் போதாது. "கடைசிப் பரீட்சைதானே, அப்புறம் பார்க்கலாம்" என்று பிள்ளைகள் தள்ளிவைப்பது பெரும்பாலும் இந்தப் பாடத்தைத்தான். அட்டவணையில் கடைசியில் இருப்பதை வார நேரப் பட்டியலில் முதலில் எழுத வேண்டும் என்பது என் கட்சி.

முதல் தேர்வு மார்ச் 28. பிப்ரவரி 10, திங்களன்று தொடங்கினால் மார்ச் 23 வரை ஆறு வாரம். கடைசி வாரத்தைத் திருப்புதலுக்கு ஒதுக்கினால் படிக்க ஐந்து வாரம். பள்ளி நாள்களில் மாலை இரண்டு மணி நேரம், சனி ஞாயிறுகளில் நாளுக்கு நான்கு என்று வைத்தால் வாரத்துக்குப் பதினெட்டு மணி நேரம். பாடத்துக்கு ஒரு மணி என்று கொண்டால் சமூக அறிவியலுக்கு ஆறு, அறிவியலுக்கு ஐந்து. கணிதத்தில் பாடங்கள் குறைவுதான், ஆனால் ஒவ்வொன்றும் நீளம், அதற்கு மூன்று. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் ஒவ்வொன்று. மிச்சம் இரண்டு மணி நேரத்தை எதுவும் எழுதாமல் விட்டுவிடுங்கள்.

அந்தக் காலிக் கட்டங்கள் ஞாயிறு மாலையில் இருப்பது நல்லது. காய்ச்சலிலோ உறவினர் கல்யாணத்திலோ விட்டுப்போன பாடம் அங்கே போய்ச் சேரும். இரண்டுக்கு மேல் விட்டுப்போவது இரண்டு வாரம் தொடர்ந்தால் பிள்ளையைத் திட்டிப் பயனில்லை. பாடத்துக்கு ஒரு மணி என்ற கணக்கே தப்பு. ஒன்றரை மணி என்று வைத்து, மீதமுள்ள வாரங்களை மறுபடி பிரிக்க வேண்டும்.

கடைசி மூன்று நாளுக்கும் முன்கூட்டியே கட்டம் போட்டுவிடலாம். ஏப்ரல் 12 வரலாறு, 13 புவியியல், 14 மற்ற இரண்டும். 14 தமிழ்ப் புத்தாண்டு. வீட்டில் ஆள் நடமாட்டம் அதிகமிருக்கும். அதனால்தான் அன்றைக்குச் சின்னப் பாடங்கள்.