தள்ளி வைத்தால் தேதியோடு வையுங்கள்

"மிளகாய் விற்றதும் தந்துவிடுகிறேன் அண்ணாச்சி." பரமக்குடி வட்டாரத்தில் மளிகைக்கடை நடத்தும் நமக்குப் பழகிப்போன பேச்சு இது. நாமும் சரியென்று சிட்டையைக் கம்பியில் குத்திவிடுகிறோம். அதன்மேல் நூறு சிட்டை ஏறியதும் பாக்கி மறந்துவிடுகிறது.

தள்ளி வைப்பதில் தவறில்லை. தேதியின்றித் தள்ளுவதே தவறு. நாட்களுக்கு 31 உறைகளும் மாதங்களுக்கு 12 உறைகளும் இருந்தால் போதும். 2024 ஜூன் 10-ல் 18,000 ரூபாய்ச் சரக்கைத் தவணை குறிக்காமல் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். முண்டு மிளகாய் சந்தைக்கு வரும் மார்ச் மாத உறையில் சீட்டைப் போடுகிறோம். மார்ச் பிறந்ததும் அதை 15-ஆம் நாள் உறைக்கு மாற்றுகிறோம். அன்று காலை கடை திறந்ததும் சீட்டை எடுத்து, ஆளைக் கேட்கிறோம். மறுபடி தவணை கேட்டால், பழைய தேதியை அழிக்காமல் கீழே புதுத் தேதி எழுதி, அந்த உறையில் சேர்க்கிறோம். ஒரே சீட்டில் மூன்று தேதி ஏறினால் மேற்கொண்டு கடன் கொடுப்பதை நிறுத்திவிடலாம்.

நாம் தள்ளினாலும் சட்டம் காத்திருக்காது. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, இத்தகைய பாக்கிக்குச் சரக்குக் கொடுத்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போடவேண்டும். வாய்ச்சொல்லால் கெடு நீளாது. கெடு முடியுமுன் அவர் பாக்கியை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டு கிடைக்கும். ஆகவே முதல் நாளே இன்னொரு சீட்டும் எழுதி மார்ச் உறையில் வைப்போம்: "2027 மார்ச். பணம் அல்லது கையெழுத்து."