± என்கிற பொய்ச் சமச்சீர்

சில மாதங்களுக்கு முன் சூழலியல் நண்பர்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்த ஓர் இரவில் ஒருவர் என்னை மடக்கினார். “பூமி எவ்வளவு சூடாகும்னு கேட்டா 2.7 பிளஸ் ஆர் மைனஸ் 2ங்கிறீங்க. அப்ப 0.7ஆவும் இருக்கலாம், 4.7ஆவும் இருக்கலாம். இதுக்குப் பேரு கணக்கா? ஒண்ணும் தெரியலேன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?” அன்று சரியான பதில் சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் புரிந்தது: கோளாறு பூமியிடம் இல்லை, அந்த ± குறியிடம் இருக்கிறது.

பேச்சு எதைப் பற்றியது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். காற்றில் கரியமில வாயு இரட்டிப்பாகி அப்படியே நின்றுவிட்டால், எல்லாம் அடங்கி நிலைப்பட்டபின் பூமியின் சராசரி வெப்பநிலை எத்தனை டிகிரி கூடியிருக்கும்? இதைக் காலநிலை உணர்திறன் என்கிறார்கள். இதை நேரடியாக அளக்க ஒரு கருவியும் கிடையாது. அளக்க முடிந்தவற்றை வைத்துக் கணக்கிட வேண்டும். இதுவரை கூடியிருக்கும் வெப்பநிலை ஒன்று. மனிதச் செயல்களால் பூமியின் மேல் ஏறியிருக்கும் கூடுதல் ஆற்றல் இரண்டாவது. அதில் கடல் உள்ளே இழுத்துக்கொண்டது மூன்றாவது. கடல் இழுத்துக்கொண்டது இன்னும் தரைமேல் சூடாக வெளிப்படவில்லை என்பதால், இரண்டாவதிலிருந்து மூன்றாவதைக் கழித்து, வருகிற மீதியால் வெப்பநிலை உயர்வை வகுக்கிறோம். பிறகு 3.7ஆல் பெருக்குகிறோம். கரியமில வாயு இரட்டித்தால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறும் சுமை ஏறக்குறைய 3.7 வாட்.

விளக்கத்துக்காக வட்டமான எண்களை வைத்துக்கொள்கிறேன். வெப்பநிலை உயர்வு 0.8 டிகிரி. ஏறிய சுமை 1.6 வாட், கடலுக்குள் போனது 0.5 வாட். மீதி 1.1. 0.8ஐ 1.1ஆல் வகுத்து 3.7ஆல் பெருக்கினால் 2.7 டிகிரி.

இதில் வெப்பமானிகள் தரும் 0.8 ஓரளவு உறுதியானது. தகராறு 1.6இல்தான். நிலக்கரி எரிக்கும்போது கரியமில வாயுவோடு கந்தகத் துகள்களும் மேலே போகின்றன. அவை சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பிப் பூமியைக் கொஞ்சம் குளிர்விக்கின்றன. எவ்வளவு என்பது சரியாகத் தெரியாது. ஆகவே 1.6க்கு 0.4 திட்ட விலக்கம், 0.5க்கு 0.1 என்று வைப்போம். இரண்டும் சேர்ந்து 1.1க்கு 0.41 ஆகும். மற்ற எண்களின் சிறு பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

பாடப்புத்தக வழி இதுதான்: நடுப்புள்ளியில் வளைகோட்டைத் தொடுகிற ஒரு நேர்கோட்டைப் போடு, பிழையை அதன்வழி கடத்து. விடை 2.7, திட்ட விலக்கம் 1.0. இரண்டு மடங்கு எடுத்தால் நண்பர் சொன்ன அதே 0.7 முதல் 4.7 வரை. ஆனால் மீதியை 0.4 கூட்டி 1.5 ஆக்கிப் பாருங்கள். விடை 2.0க்கு இறங்குகிறது, இறக்கம் 0.7 மட்டும். அதே 0.4ஐக் குறைத்து 0.7 ஆக்கினால் விடை 4.2க்குத் தாவுகிறது, ஏற்றம் 1.5. உள்ளே சமமாக இருந்த சந்தேகம் வெளியே வரும்போது ஒருபக்கம் சாய்ந்துவிட்டது. தெரியாத எண் வகுக்கிற இடத்தில் இருப்பதுதான் காரணம். பிழை சின்னதாக இருந்தால் வளைகோட்டின் ஒரு துண்டை நேர்கோடு என்று ஏமாற்றிக்கொள்ளலாம். 1.1க்கு 0.41 என்பது சின்னப் பிழை இல்லை.

அப்போ என்ன செய்வது? கோட்டை விட்டுவிட்டுச் சீட்டுக் குலுக்க வேண்டியதுதான். 1946இல் ஸ்டானிஸ்லாவ் உலாம் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தபோது, தனியே ஆடும் சீட்டாட்டத்தில் ஜெயிக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று யோசித்தார். சூத்திரம் போட்டு அல்லாடுவதைவிட நூறு தடவை ஆடி எண்ணிவிடலாமே என்று அவருக்குத் தோன்றியது. அணுகுண்டுக்காரர்களின் நியூட்ரான் கணக்குக்குத்தான் அது முதலில் பயன்பட்டது என்பதையும் மறக்கவேண்டாம். சூதாட்ட ஊரின் பெயரால் அதை மாண்டி கார்லோ முறை என்கிறார்கள். அளவையியல்காரர்கள் 2008இல் இதற்கென்றே ஒரு சர்வதேச வழிகாட்டி வெளியிட்டார்கள். அதில் வழக்கமாகச் சொல்லப்படும் குலுக்கல் எண்ணிக்கை பத்து லட்சம்.

நம் கணக்கில் இது இப்படிப் போகும். 1.6ஐ நடுவாகவும் 0.4ஐ விலக்கமாகவும் கொண்ட மணிவடிவப் பரவலிலிருந்து கணிப்பொறி ஓர் எண்ணை எடுக்கிறது: 1.9. கடலுக்கும் அப்படியே ஒன்று: 0.4. மீதி 1.5, விடை 2.0. மறுபடி: 1.1, 0.5. மீதி 0.6, விடை 4.9. மறுபடி: 1.8, 0.6. மீதி 1.2, விடை 2.5. இப்படிப் பத்து லட்சம் விடைகள். எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி, இரு முனையிலும் நூற்றுக்கு இரண்டரை வீதம் வெட்டிவிட்டு நடுவில் நிற்பதைப் பார்க்கிறோம். கிடைப்பது 1.6 முதல் 10 வரை!

நடுவிலுள்ள 2.7 நகரவில்லை. ஆனால் 1.5க்குக் கீழே இருக்கும் வாய்ப்பு ± கணக்குப்படி நூற்றுக்குப் பன்னிரண்டு, குலுக்கலில் இரண்டுக்கும் குறைவு. 4.7ஐத் தாண்டும் வாய்ப்பு முன்னதில் நாற்பதில் ஒன்று, பின்னதில் எட்டில் ஒன்று. ± குறி, இல்லாத ஆறுதலைக் கீழே சேர்த்து, இருக்கிற ஆபத்தை மேலே மறைத்திருக்கிறது. இது என் சொந்த எண்களின் விசித்திரம் இல்லை. 2002இல் கிரகரியும் சகாக்களும் உண்மை அளவீடுகளோடு இதே வகுத்தலைச் செய்தபோது, 1.6 என்ற கீழ் எல்லையைத்தான் அவர்களால் உறுதியாகச் சொல்ல முடிந்தது.

குலுக்கலிலும் குழிகள் உண்டு. ஆயிரத்தில் நாலு தடவை மீதி பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும், விடை மைனஸில் வரும். அதைக் குளிர்ச்சி என்று எண்ணிக் கீழ்முனையில் அடுக்கினால் தப்பு. சுமை பூஜ்யத்தை நெருங்க நெருங்க விடை எல்லையில்லாமல் ஏறுகிறது, ஆகவே அவற்றின் இடம் மேல்முனைக்கும் அப்பால்தான். இன்னொன்று: விடைகளின் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் கேட்காதீர்கள். பூஜ்யத்தை உரசிய ஒரே ஒரு சீட்டு லட்சக்கணக்கான விடையைத் தந்து இரண்டையும் தூக்கியடிக்கும். கண்டுபிடிப்பது சுலபம். வேறு வேறு ஆரம்ப எண்ணிலிருந்து நாலைந்து தடவை ஓட்டிப் பாருங்கள். வெட்டிய முனைகள் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும். திட்ட விலக்கமோ ஓட்டத்துக்கு ஓட்டம் குதிக்கும். அப்படிக் குதித்தால், அந்த விடையை ± போட்டு எழுத நமக்கு உரிமை இல்லை என்று அர்த்தம்.

பத்து லட்சம் என்ற எண்ணைப் பார்த்து மயங்கவும் கூடாது. குலுக்கல் புது அறிவு எதையும் உண்டாக்குவதில்லை. கந்தகத் துகள்கள் பற்றிய நம் அறியாமையை மணிவடிவம் என்று வைத்தது நாம். சுமையும் கடலும் தனித்தனியே ஆடுகின்றன என்று வைத்ததும் நாம். கோடித் தடவை குலுக்கினாலும் அந்த 10 இறங்காது. வேறு சாட்சிகள்தான் இறக்கும். பனியுகங்களின் பழங்காலத் தடயங்களையும் மேகங்கள் பற்றிய ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்துத்தான் ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கை 2 முதல் 5 வரை என்று சொல்ல முடிந்தது. அப்போதும் நடு மதிப்பு 3. கீழே ஒன்று, மேலே இரண்டு. சாய்வு போகவில்லை.

நண்பருக்கு இப்போது பதில் இருக்கிறது. “தெரியலேங்கிறது வாஸ்தவம்தான். ஆனா தெரியாததுக்கும் ஒரு முகம் இருக்கு, அது மேலே பாத்துக்கிட்டிருக்கு. 0.7ன்னு நீங்க சொன்ன அந்த நிம்மதி அளவீட்டிலிருந்து வரல, நேர்கோடு போட்டவங்க கையிலிருந்து வந்தது.”