பெயரை நம்பலாமா?

சென்னை சென்ட்ரலில் வைஃபையைத் திறந்தால் RailWire என்ற பெயர் தெரியும். ரயில்டெல் நிறுவனம் தரும் இந்த இணைப்புக்குக் கடவுச்சொல் கிடையாது. சிக்கல் அங்கேதான். பூட்டில்லாத வைஃபையின் பெயரை யார் வேண்டுமானாலும் தன் கருவிக்கு வைத்துவிடலாம். எது அசல் என்று போனுக்குத் தெரியாது.

ஆஸ்திரேலியாவில் 2024-ல் இப்படித்தான் நடந்தது. உள்நாட்டு விமானம் ஒன்றில் சந்தேகத்துக்குரிய வைஃபை தெரிவதாக ஊழியர்கள் புகார் செய்தனர். விசாரித்த போலீசார் ஒருவர்மீது வழக்குப் பதிந்தனர். பெர்த், மெல்போர்ன், அடிலெய்டு விமான நிலையங்களிலும் அவர் போலி இணைப்பு வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. இணைந்தவர்களுக்கு ஒரு பக்கம் திறந்து, மின்னஞ்சல் அல்லது சமூக வலைத்தளக் கணக்கால் உள்ளே வரச் சொன்னதாம்.

அந்தப் பக்கம் என்ன கேட்கிறது என்பதே நல்ல சோதனை. ரயில் நிலைய வைஃபை கேட்பது மொபைல் எண்ணையும், அதற்கு வரும் ஓடிபியையும்தான். மின்னஞ்சல் கடவுச்சொல்லோ, கார்டு எண்ணோ, செயலியைப் பதிவிறக்கச் சொல்வதோ வந்தால் உடனே துண்டியுங்கள். கஃபேயில் என்றால் சரியான பெயரைக் கல்லாவில் கேட்டுவிட்டே இணையுங்கள்.

இணைந்த பிறகு வங்கித் தளத்தில் சான்றிதழ் எச்சரிக்கை வந்தால் தாண்டிப் போகாதீர்கள். கிளம்பும்போது அந்த இணைப்பைப் போனின் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அதே பெயருள்ள போலியோடு போன் தானாகவே இணைந்துகொள்ளும்.