விளிம்பில் குறுகும் விதை: சதுரங்கப் பலகையால் காமிராவைச் செம்மை செய்தல்

மேசைமேல் விதைகளைப் பரப்பி, நேர் மேலிருந்து ஒளிப்படம் எடுத்து, அவற்றின் நீளத்தைக் கணினியால் அளக்க முற்படுகிறோம் எனக் கொள்வோம். நடுவில் வைத்தபோது 10 மி.மீ. எனக் கணக்கிடப்பட்ட விதை, படத்தின் விளிம்பருகே நகர்த்தப்பட்டதும் 8.9 மி.மீ. ஆகிவிடக்கூடும். விதை குறுகவில்லை, காமிராவின் வில்லையே அதைக் குறுக்கிக் காட்டுகிறது. இப்பிழையின் அளவைக் கண்டறிந்து நீக்குவதற்குக் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் கொண்ட ஒரு பலகை போதும். ஆயினும் அதைப் பிடிக்கும் முறை தெரிந்திருத்தல் வேண்டும்.

அகன்ற காட்சியைத் தரும் வில்லைகள் பலவற்றில், நடுவிலிருந்து விலகிய புள்ளிகள் இருக்கவேண்டிய இடத்திற்குச் சற்று உட்புறமாக விழுகின்றன. அதனால் நேர்க்கோடுகள் பீப்பாயின் பக்கங்களைப்போல் வெளிப்புறம் பிதுங்கித் தோன்றும். இவ்விலகலின் முதன்மைப் பகுதி, நடுவிலிருந்துள்ள தூரத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்கிறது. அதன் அளவைக் குறிக்கும் எண்ணை k1 என்பர்.

ஒரு காமிராவின் குவியத் தூரம் 1000 படப்புள்ளிகள் என்றும், k1 = −0.1 என்றும் வைத்துக்கொள்வோம். நடுவிலிருந்து 100 படப்புள்ளி தள்ளியிருக்கவேண்டிய ஓர் இடம் 0.1 படப்புள்ளி மட்டுமே விலகும். 600 படப்புள்ளி தள்ளியிருக்கவேண்டிய இடமோ 21.6 படப்புள்ளி விலகும். தூரம் ஆறு மடங்காயிற்று. பிழை 216 மடங்காயிற்று. நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நீளவாக்கில் கிடக்கும் விதையின் உள்முனையைவிட வெளிமுனை அதிகமாக இழுக்கப்படுவதால்தான் அது குறுகித் தோன்றுகிறது.

இன்று பெருவழக்கிலுள்ள முறையை ஜாங் செங்யோ என்னும் அறிஞர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஒரு வரிசைக்குப் பத்துக் கட்டங்களாக ஏழு வரிசைகளை, 25 மி.மீ. பக்கமுள்ள சதுரங்களாக ஏ4 தாளில் அச்சிட்டால், கட்டங்கள் சந்திக்கும் உள்மூலைகள் 54 கிடைக்கும். கறுப்பும் வெள்ளையும் குறுக்காகச் சந்திப்பதால், மூலையின் இடத்தைக் கணினி ஒரு படப்புள்ளியின் சிறு பின்னம் வரை துல்லியமாகக் காணும். மூலைகளுக்கிடையே உள்ள உண்மையான தூரம் நமக்குத் தெரியும். அவை படத்தில் எங்கே விழவேண்டும் எனக் கணக்கிட்டு, விழுந்த இடத்தோடு ஒப்பிட்டு, வேற்றுமை மிகக் குறையும் வரை குவியத் தூரம், படத்தின் மெய்யான நடு, k1 முதலிய எண்களைக் கணினி திருத்திக்கொண்டே செல்லும். ஓப்பன்சிவி என்னும் இலவச மென்பொருளில் `findChessboardCorners` மூலைகளைத் தேடும்; `calibrateCamera` எண்களைக் கணிக்கும்; `undistort` படத்தை நேராக்கும்.

பலகையைப் பிடிப்பதில் இரண்டு தவறுகள் நேர்வதுண்டு. முதலாவது, எல்லாப் படங்களிலும் பலகையைக் காமிராவுக்கு நேர்முகமாகவே வைப்பது. குவியத் தூரம் 1000 ஆக இருந்து பலகை 500 மி.மீ. தொலைவில் இருந்தால், ஒரு கட்டம் 50 படப்புள்ளி அகலம் காட்டும். குவியத் தூரம் 2000, தொலைவு 1000 மி.மீ. என்றாலும் அதே 50 தான். இவ்விரண்டில் எது உண்மை என்று கணினியால் பிரித்தறிய இயலாது. பலகையைச் சாய்த்தால் அருகிலுள்ள கட்டம் பெரிதாகவும் தொலைவிலுள்ளது சிறிதாகவும் தோன்றும். அவ்வேற்றுமையே விடையைத் தருகிறது. ஆகவே வெவ்வேறு திசைகளில் சாய்த்துப் பதினைந்து, இருபது படங்கள் எடுப்பது நன்று.

இரண்டாவது தவறு, பலகையை நடுவிலேயே வைப்பது. அங்கு விலகல் 0.1 படப்புள்ளி அளவே ஆதலின், மூலையைக் காண்பதில் நேரும் பிழைக்குள் அது மறைந்துவிடும். எனினும் கணினி தெரிவிக்கும் சராசரிப் பிழை மிகச் சிறியதாகவே இருக்கும், நாமும் ஏமாந்துபோவோம். அச்சிறு எண் பலகை இருந்த இடங்களுக்கு மட்டுமே சான்று. பலகை செல்லாத விளிம்புக்குச் சான்றாகாது. எனவே படச்சட்டத்தின் நான்கு மூலைகளுக்கும் பலகையைக் கொண்டுசெல்லுதல் வேண்டும்.

தாளைக் கண்ணாடி போன்ற சமதளத்தில் சுருக்கமின்றி ஒட்டுதல் அவசியம். தாள் வளைந்தால் அவ்வளைவையும் வில்லையின் பிழையாகக் கணினி எண்ணிவிடும். காமிராவின் தானியங்கிக் குவிப்பையும் நிறுத்திவிட வேண்டும். குவிப்பு மாறினால் குவியத் தூரமும் மாறும், பெற்ற எண்களும் பயனற்றுப்போகும்.

இறுதிச் சோதனை எளிது. நீண்ட நேரான அளவுகோல் ஒன்றைப் படத்தின் விளிம்பை ஒட்டி வைத்து, கணக்கில் சேராத புதிய படம் ஒன்றை எடுத்துத் திருத்துக. திருத்திய படத்தில் அதன் இரு முனைகளையும் ஒரு நேர்க்கோட்டால் இணைத்துப் பார்க்க. அளவுகோலின் நடுப்பகுதி அக்கோட்டை விட்டு விலகி நின்றால் விளிம்பில் பிழை எஞ்சியிருக்கிறது. பலகையை அங்கே வைத்து மீண்டும் படம் எடுக்கவேண்டும். முழுவதும் கோட்டோடு ஒன்றினால், விதையை நடுவிலும் விளிம்பிலும் வைத்து அளந்து பார்க்கலாம். இரண்டிடத்தும் 10 மி.மீ. வருமாயின் வேலையைத் தொடங்கலாம்.