ஒரு முறைப்பு, ஒரு GIF

ஃப்ரெண்டோட பர்த்டே வீடியோல, கேக் வெட்டுறப்போ அவ தம்பி கேமராவைப் பார்த்து ஒரு முறை முறைச்சான். அதை மட்டும் குரூப்ல போடணும்னு தோணுச்சு.

வாட்ஸ்அப்ல அந்த வீடியோவை எடுத்து, மேல வர்ற பட்டையை ரெண்டு பக்கமும் இழுத்து 6 செகண்டுக்குள்ள சுருக்கினா, GIF-னு ஒரு பட்டன் வரும். அதைத் தட்டினா சத்தம் போயிடும். அதனால காமெடி வசனத்துல இருந்தா வேலைக்கு ஆகாது, முகத்துல இருக்கணும்.

முதல்ல, முறைப்போட வெட்டிட்டேன். ஒவ்வொரு சுற்றுலயும் தலை டக்குன்னு குதிச்சுது. அப்புறம் அவன் கேக்கைப் பார்க்குறதுல ஆரம்பிச்சு, முறைச்சு, திரும்பவும் கேக்கைப் பார்க்குற இடத்துல முடிச்சேன். முதல் காட்சியும் கடைசிக் காட்சியும் ஒண்ணுபோல இருந்ததால, வெட்டு தெரியவே இல்ல.

அனுப்புறதுக்கு முன்னாடி அவன்கிட்ட காட்டினேன். “சரிக்கா, போடுங்க”ன்னு சொன்ன அப்புறம்தான் போட்டேன்.