நாரை கூடினால் குழந்தை கூடுமா?

செங்கால் நாரைதான் குழந்தையைத் தூக்கி வருகிறது என்பது ஐரோப்பியரின் பழங்கதை. 2000-இல் ராபர்ட் மாத்யூஸ் அதைக் கணக்கிலேயே போட்டுப் பார்த்தார். 17 ஐரோப்பிய நாடுகள். ஒரு பத்தியில் நாரை இணைகள், இன்னொன்றில் ஆண்டுப் பிறப்புகள். ஒட்டுறவுக் கெழு 0.62 வந்தது. இரண்டுக்கும் தொடர்பே இல்லையென்றால், இத்தனை வலுவான எண் தற்செயலாக வர ஆயிரத்தில் எட்டு வாய்ப்புதான்.

அவர் பட்டியலில் போலந்துக்கு 30,000 இணைகள், சுமார் 6,10,000 பிறப்புகள். நெதர்லாந்துக்கு 4 இணைகள், 1,88,000 பிறப்புகள். நாரை கூடக் குழந்தையும் கூடுவதுபோலவே தெரிகிறது. ஆனால் போலந்தின் பரப்பு 3,12,680 சதுர கிலோமீட்டர். நெதர்லாந்தின் பரப்பு 41,900. பிறப்பைப் பரப்பால் வகுத்துப் பாருங்கள்: போலந்தில் சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 2, நெதர்லாந்தில் 4.5. வரிசையே தலைகீழாகிவிட்டது!

பெரிய நாட்டில் நாரைக்கும் இடம் அதிகம், மக்களும் அதிகம். நிலப்பரப்பு என்ற மூன்றாவது பத்திதான் இரண்டையும் சேர்த்து உயர்த்தியது. 'தற்செயல் அல்ல' என்று மட்டுமே அந்தக் கெழு சொன்னது. எது எதற்குக் காரணம் என்று அது சொல்லவே இல்லை.