ஒரு விசை, ஒரு டிக்: இன்டரப்ட் கேள்விக்கு முழு விடை

'இன்டரப்ட் வெக்டர் டேபிள், முன்னுரிமை, நெஸ்டட் இன்டரப்ட் ஆகியவற்றை விளக்குக.' மைக்ரோபிராசஸர் பாடத்தில் பழகிய கேள்வி இது. மூன்றுக்கும் தனித்தனி இலக்கணம் எழுதி முடித்துவிடும் மாணவர்கள் பலர். உண்மையில் இம்மூன்றும் ஒரே நிகழ்வின் மூன்று கட்டங்கள். வேலையை நிறுத்திவிட்டு பிராசஸர் எங்கே போக வேண்டும்? இருவர் சேர்ந்து கூப்பிட்டால் முதலில் யாருக்கு? ஒருவரைக் கவனிக்கும்போது இன்னொருவர் கூப்பிட்டால் என்ன செய்வது? 1981-இல் வந்த ஐபிஎம் பிசியை எடுத்துக்கொண்டு இந்த மூன்றுக்கும் விடை காண்போம். அதில் இருந்த பிராசஸர் இன்டெல் 8088. இன்டரப்ட் விஷயத்தில் அதுவும் பாடப்புத்தகத்து 8086-உம் ஒன்றே.

எங்கே போவது?

ஒவ்வொரு இன்டரப்ட்டுக்கும் 0 முதல் 255 வரை ஒரு வகை எண் உண்டு. அந்த இன்டரப்ட்டைக் கவனிக்கும் நிரலை ஹேண்ட்லர் என்பார்கள். அதன் முகவரி நான்கு பைட்டுகளில் இருக்கும்: முதல் இரண்டு பைட்டில் IP, அடுத்த இரண்டில் CS. 256 வகைக்கும் நான்கு பைட் வீதம் 1024 பைட். நினைவகத்தின் தொடக்கத்தில் 00000H முதல் 003FFH வரையுள்ள இந்த இடமே இன்டரப்ட் வெக்டர் டேபிள். டேபிளில் இருப்பது முகவரி மட்டும்தான். ஹேண்ட்லர் வேறிடத்தில் இருக்கிறது.

பிசியில் விசைப்பலகையின் வகை எண் 9. ஒரு விசையை அழுத்தியதும் பிராசஸர் போடும் கணக்கு இது:

```
9 × 4 = 36 = 24H
00024H: 87 E9  →  IP = E987H
00026H: 00 F0  →  CS = F000H
F000H × 10H + E987H = FE987H
```

சிறிய பைட் முதலில் இருப்பதால் 87 E9 என்பதை E987 என்று படிக்க வேண்டும். மதிப்பெண் பறிபோகும் இடம் இதுதான். பயாஸில் விசைப்பலகை ஹேண்ட்லர் தொடங்கும் இடம் FE987H.

தாவுவதற்கு முன், திரும்பி வர வழி செய்துகொள்ள வேண்டும். கையிலுள்ள கட்டளையை முடித்தபின் ஃபிளாக், CS, IP மூன்றையும் பிராசஸர் இதே வரிசையில் ஸ்டாக்கில் வைக்கிறது. மொத்தம் ஆறு பைட். கூடவே இன்டரப்ட் ஃபிளாக்கையும் 0 ஆக்கிவிடுகிறது. இந்தக் கடைசிச் செயலை நினைவில் வையுங்கள், நெஸ்டிங் இதைச் சார்ந்தே நடக்கிறது.

யார் முதலில்?

முன்னுரிமை இரண்டு இடத்தில் தீர்மானமாகிறது. பிராசஸருக்குள்ளே, பூச்சியத்தால் வகுத்தல் போன்ற உள் இன்டரப்ட்டுக்கு முதலிடம். அடுத்து, மூடிவைக்க முடியாத என்எம்ஐ. அதற்கும் அடுத்தது சாதனங்கள் வரும் பொதுவான இன்டரப்ட் கம்பி. ஒவ்வொரு கட்டளையாக நிறுத்திப் பார்க்கும் சிங்கிள் ஸ்டெப் கடைசி.

பொதுக் கம்பி ஒன்றுதான், சாதனங்களோ பல. அவற்றை வரிசைப்படுத்துவது 8259 என்ற தனி சிப். அதற்கு 0 முதல் 7 வரை எட்டு உள்ளீடுகள். 0-க்கு முன்னுரிமை அதிகம், 7-க்குக் குறைவு. பிசியில் டைமர் 0-இல், விசைப்பலகை 1-இல், ஃப்ளாப்பி 6-இல் இணைந்திருந்தன. உள்ளீட்டு எண்ணோடு 8-ஐக் கூட்டினால் வகை எண் கிடைக்கும். டைமருக்கு 8, விசைப்பலகைக்கு 9.

இந்த சிப் இரண்டு குறிப்புகளை வைத்திருக்கிறது: யார் காத்திருக்கிறார்கள், இப்போது யாருக்கு வேலை நடக்கிறது. வேலை நடக்கும் உள்ளீட்டுக்குச் சமமான அல்லது குறைந்த முன்னுரிமையில் வரும் கோரிக்கையை அது பிராசஸரிடம் அனுப்பாது. உயர்ந்தது வந்தால் மட்டுமே அனுப்பும்.

நடுவில் இன்னொன்று வந்தால்?

விசைப்பலகை ஹேண்ட்லரின் சுருக்கிய வடிவம்:

```
STI
PUSH AX
IN   AL, 60H
; விசையைக் கவனிக்கும் பகுதி
CLI
MOV  AL, 20H
OUT  20H, AL
POP  AX
IRET
```

உள்ளே நுழைந்தபோது மூடிய இன்டரப்ட் ஃபிளாக்கை STI திறக்கிறது. இது இல்லாவிட்டால் நெஸ்டிங் இல்லை. ஆக, நெஸ்டட் இன்டரப்ட் நடக்க இரண்டு அனுமதிகள் வேண்டும்: 8259 உயர்ந்த முன்னுரிமை என்று ஒப்ப வேண்டும், பிராசஸரின் ஃபிளாக் திறந்திருக்க வேண்டும்.

இப்போது விசையைக் கவனிக்கும் பகுதி ஓடுகையில் டைமர் டிக் வருகிறது. ஸ்டாக் பாயின்ட்டர் முதலில் 0100H என்று கொள்வோம்.

```
முதன்மை நிரல்                  SP = 0100H
விசை இன்டரப்ட் (6 பைட்)        SP = 00FAH
PUSH AX (2 பைட்)               SP = 00F8H
டைமர் இன்டரப்ட் (6 பைட்)       SP = 00F2H
டைமர் IRET                     SP = 00F8H
POP AX                         SP = 00FAH
விசை IRET                      SP = 0100H
```

டைமர் கடைசியாக வந்தது, முதலில் முடிந்தது. அதன் IRET முதன்மை நிரலுக்குப் போகாமல், பாதியில் நின்ற விசைப்பலகை ஹேண்ட்லருக்கே திரும்புகிறது. SP மறுபடி 0100H ஆனதே எல்லாம் சரியாக முடிந்ததற்குச் சான்று. மாறாக, டைமரைக் கவனிக்கும்போது விசையை அழுத்தினால் அது காத்திருக்கும். டைமர் ஹேண்ட்லரும் STI போட்டிருந்தாலும் 8259 அதை விடாது.

பிழை எங்கே, எப்படித் தெரியும்?

ஹேண்ட்லரின் இறுதியில் 20H என்ற மதிப்பை 20H போர்ட்டுக்கு அனுப்புவது, வேலை முடிந்தது என்று 8259-க்குச் சொல்வதாகும். விசைப்பலகை ஹேண்ட்லர் இதை மறந்தால், உள்ளீடு 1-க்கு இன்னும் வேலை நடப்பதாகவே சிப் எண்ணிக்கொண்டிருக்கும். விளைவு, அடுத்த விசை வேலை செய்யாது, அதற்குக் கீழுள்ள ஃப்ளாப்பியும் நின்றுபோகும். ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும், ஏனெனில் டைமர் அதற்கு மேலே இருக்கிறது. டைமர் ஹேண்ட்லர் மறந்தாலோ எட்டு உள்ளீடும் அடைபடும். எது நிற்கிறது, எது ஓடுகிறது என்று பார்த்தாலே பிழை செய்த ஹேண்ட்லர் எதுவென்று ஊகித்துவிடலாம்.

STI-ஐ மறந்தால் கோளாறு வேறு விதம். டைமர் நொடிக்கு ஏறத்தாழ 18.2 முறை, அதாவது 55 மில்லிநொடிக்கு ஒருமுறை கூப்பிடுகிறது. 8259 ஒரு உள்ளீட்டுக்கு ஒரு கோரிக்கையைத்தான் நினைவில் வைக்கும். ஹேண்ட்லர் அதற்குமேல் நீண்டு, இரண்டாவது டிக்கும் காத்திருக்க நேர்ந்தால் ஒன்று தொலைந்துபோகும், கடிகாரம் பின்தங்கும்.

CLI எதற்கு? முடிந்தது என்ற செய்தி போனதுமே 8259 அதே உள்ளீட்டின் அடுத்த கோரிக்கையை அனுப்பலாம். ஃபிளாக் திறந்திருந்தால் IRET-க்கு முன்பே மறுபடி உள்ளே நுழைய நேரும். இது அடுத்தடுத்து நடந்தால் ஒவ்வொரு முறையும் ஸ்டாக் எட்டு பைட் வளர்ந்து, கடைசியில் பக்கத்திலுள்ள தரவை அழிக்கும். CLI-க்குப் பின் ஃபிளாக்கைத் திறப்பது, ஸ்டாக்கிலிருந்து பழைய ஃபிளாக்கை மீட்கும் IRET தான்.

தேர்வில் இந்த வரிசையிலேயே எழுதுங்கள்: வகை எண்ணை நான்கால் பெருக்கி முகவரி கண்ட கணக்கு, 8259-இன் முன்னுரிமை விதி, நெஸ்டிங்குக்கான இரண்டு அனுமதிகள், இறுதியாக SP பட்டியல். படமாக ஒன்றே ஒன்று வரைய நேரமிருந்தால் ஸ்டாக்கை வரையுங்கள். மூன்று இன்டரப்ட் கருத்துகளும் சேர்ந்து தெரியும் இடம் அதுவே.